36 அளவெடுத்த பேண்ட் ஏன் 37-க்கு மேல் வந்தது?

"டெய்லர் அண்ணாச்சி, ஸ்கூல்ல வச்சு பையனுக்கு அளவு எடுத்தப்ப பேண்ட் உயரம் 36 இஞ்ச்னுதான் சீட்டுல எழுதுனீங்க. வந்த பேண்ட்டை டேப் வச்சுப் பார்த்தா 37-க்கு மேல இருக்கு, செருப்புல மிதிபடுது. உள்ள வேற மூணு இஞ்ச் துணிய மடிச்சு வச்சிருக்கீங்க. கேட்டா, துணி சுருங்கும்னு உங்க கடைப் பையன் சொல்லுதான். சுருங்குனா அந்த மூணு இஞ்ச்ச இறக்கி விட்டாப் போதும்லா? அப்புறம் எதுக்கு இந்த ஒரு இஞ்ச்? ரெடிமேட் பேண்ட்டெல்லாம் சுருங்கவா செய்யுது?"

அண்ணாச்சிக்கு வணக்கம்.

முதலில் ஒன்று: அந்தப் பேண்ட்டை யாரிடமும் கொடுத்துக் குட்டையாக்கிவிடாதீர்கள். பள்ளி திறக்கும் முன்னால் ரெண்டு மூன்று தடவை துவைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி டேப் வையுங்கள். 36-க்கு வந்து நிற்கும். உள்ளே மடித்திருக்கிற மூன்று இஞ்ச் வேறு, வெளியே கூடுதலாகத் தெரிகிற ஒரு இஞ்ச்சும் ஒரு நூலும் வேறு. எட்டு நூல் ஒரு இஞ்ச் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று இஞ்ச் பையன் வளர்வதற்கு. ஒரு இஞ்ச்சும் ஒரு நூலும் துணி சுருங்குவதற்கு. ரெண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது. நீங்கள் நிதானமாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கடைப் பையனை விட்டுப் பதில் சொல்லாமல் நானே எழுதுகிறேன்.

உங்கள் பள்ளிக்கு இந்த வருஷம் வந்திருப்பது கருநீலப் பி.வி. துணி, அதாவது பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. 58 பன்னா, அதாவது அகலம் 58 இஞ்ச். இந்தக் கலவையில் பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. மில்லிலேயே நல்ல சூட்டில் அதைப் பதப்படுத்தி விடுவதால், நாம் வீட்டில் துவைக்கிற தண்ணீருக்கு அது அசைந்து கொடுக்காது. விஸ்கோஸ் அப்படி இல்லை. மரக்கூழிலிருந்து எடுக்கிற இழை அது. தண்ணீர் பட்டதும் நன்றாக ஊறி உப்பிவிடும். பிள்ளைகளுக்கு உடம்பில் ஒட்டாமல், வியர்வையை வாங்கிக்கொண்டு மெத்தென்று இருப்பதே இந்த விஸ்கோஸால்தான். சித்திரை வெயிலில் முழுப் பாலியஸ்டர் பேண்ட்டைப் போட்டுப் பாருங்கள், தெரியும். அந்தச் சுகத்துக்குக் கொடுக்கிற விலைதான் சுருக்கம்.

இழை உப்பினால் துணி விரியத்தானே வேண்டும், சுருங்குவது எப்படி என்று கேட்பீர்கள். வீரவநல்லூர்ப் பக்கம் தறி பார்த்திருப்பீர்கள். நெடுக்காக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள், தளர்ந்தால் நெசவு ஓடாது. நெய்து முடித்ததும் சாயம், சலவை, மெருகு என்று மில்லில் ஒவ்வொரு மெஷினும் துணியை நெடுக்காகத்தான் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் இறுக்கிச் சுருட்டி ரோலாக வருகிறது. ஆக, நம் கைக்கு வரும்போது பாவு நூல் தன் இயல்பான நீளத்தைவிடக் கொஞ்சம் நீட்டப்பட்டே இருக்கிறது. காய்ந்த துணியில் அந்த இழுப்பு அப்படியே உறைந்து நிற்கும். வெறும் டேப்பை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

தண்ணீர் பட்டதும் ரெண்டு காரியம் நடக்கிறது. உறைந்து நின்ற இழுப்பு விட்டுப்போகிறது. கூடவே ஒவ்வொரு நூலும் உப்பிப் பருக்கிறது. பாவு நூல் ஒவ்வொரு ஊடைக்கும் மேலும் கீழுமாக வளைந்து வளைந்துதான் போகிறது. ஊடை நூல் பருத்தால் அதைச் சுற்றிப் போகப் பாவுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு வேறு எங்கே போகும்? துணியின் நெடுக்கிலிருந்துதான் எடுக்கும். கிணற்றுக் கயிறு நனைந்தால் பருத்து முறுக்கேறிக் குட்டையாகிறதே, அது மாதிரி. ஒரே வித்தியாசம், கயிற்றில் வாளி தொங்குவதால் அது மறுபடி நீண்டுவிடும். துணி காயும்போது மில்லில் இழுத்த அளவுக்கு அதை இழுப்பார் யாருமில்லை. நூல் இளைத்தாலும் துணி குட்டையாகவே நின்றுவிடுகிறது.

இதனால்தான் சுருக்கம் எப்போதும் நெடுக்கில் அதிகம், குறுக்கில் குறைவு. பேண்ட்டைத் துணியின் நெடுக்கில் வைத்துத்தான் வெட்டுகிறோம், குறுக்கே வைத்தால் கால் விழுகிற விதம் கெட்டுவிடும். ஆகவே உயரம்தான் முதலில் அடி வாங்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் புது ரோல் வந்ததும், நுனியை விட்டுவிட்டு உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டுவேன். நுனித் துணி மில்லில் கண்டபடி இழுபட்டிருக்கும், அதை நம்பக் கூடாது. அந்தத் துண்டில் நெடுக்கே 25 இஞ்ச், குறுக்கே 25 இஞ்ச் அளந்து நான்கு முனையிலும் வெள்ளை நூலால் ஒரு தையல் அடையாளம் போட்டுவிடுவேன். சாக்பீஸ் போட்டால் தண்ணீரில் போய்விடும். 25 எதற்கென்றால் கணக்குச் சுலபம்: அதில் கால் இஞ்ச் குறைந்தால் நூற்றுக்கு ஒன்று என்று அர்த்தம். துண்டை ராத்திரி ஊறப்போட்டு, சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் காயவைத்து, இழுக்காமல் தேய்த்து அளப்பேன். அளக்கும்போது துணி மேஜையில் தட்டையாகக் கிடக்க வேண்டும், கையால் நீவக்கூடக் கூடாது.

இந்த வருஷத் துணியில் முதல் துவைப்புக்குப் பிறகு நெடுக்கில் 5 நூல் குறைந்தது. மூன்றாவது துவைப்புக்குப் பிறகு மொத்தம் 6 நூல், அதாவது முக்கால் இஞ்ச். அதற்கு மேல் துவைத்தும் டேப்பில் தெரிகிற மாதிரி மாற்றம் இல்லை. குறுக்கே மொத்தமே 2 நூல்தான். ஆக நெடுக்கில் நூற்றுக்கு மூன்று, குறுக்கில் நூற்றுக்கு ஒன்று. பெரும்பங்கு முதல் துவைப்பிலேயே போய்விடுகிறது என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் பள்ளி திறக்கும் முன்னால் துவைத்துவிடுங்கள் என்று மேலே எழுதினேன்.

இனி உங்கள் பையன் கணக்குக்கு வருவோம். இடுப்பு 26, உயரம் 36, உள்கால் 27. உயரத்திலிருந்து உள்காலைக் கழித்தால் 9. இடுப்பிலிருந்து கவட்டை வரைக்குமான இறக்கம் அது, நாங்கள் பாடி என்போம். 36-க்கு நூற்றுக்கு மூன்று வீதம் சேர்த்தால் ஒரு இஞ்ச்சும் ஒரு நூலும். பேண்ட் 37 இஞ்ச்சும் ஒரு நூலுமாக வந்தது இப்படித்தான். முதல் துவைப்பில் 36-ம் ரெண்டு நூலும் ஆகும். அதன்பிறகு மெல்ல 36-ல் வந்து உட்காரும்.

அந்த ஒன்பது நூலையும் நான் காலின் அடியில் மொத்தமாகச் சேர்க்கவில்லை. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒன்பதில் 7 நூல் உள்காலுக்கு, 2 நூல் பாடிக்கு. ஏனென்றால் துணி அடியில் மட்டும் சுருங்குவதில்லை. இடுப்பில் தைக்கிற பெல்ட்டிலிருந்து பாட்டம் வரைக்கும் ஒவ்வொரு இஞ்ச்சும் தன் பங்குக்குச் சுருங்குகிறது.

நீங்கள் சொல்கிற மாதிரியே செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சரியாக 36-க்கு வெட்டித் தைக்கிறேன். மூன்று துவைப்பில் 35-க்கு ஒரு நூல் குறைவாக வந்து நிற்கிறது. கணுக்கால் தெரிகிறது. உடனே உள் மடிப்பிலிருந்து ஒரு இஞ்ச் இறக்கி விடுகிறீர்கள். வெளியே பார்க்க உயரம் சரியாகிவிட்டது. ஆனால் பாடி 9 இஞ்ச்சாக இருந்தது 8¾ ஆகிவிட்டதே, அதை எதை இறக்கிச் சரி செய்வது? அடியில் எத்தனை இஞ்ச் மடித்து வைத்திருந்தாலும் அது கவட்டைக்கு ஏறாது.

கால் இஞ்ச்தானே என்று தோன்றும். முன்பக்கம் ஜிப் மேலிருந்து கவட்டை வழியாகப் பின்பக்கம் பெல்ட் வரை டேப்பைச் சுற்றிப் பாருங்கள், உங்கள் பையன் அளவுக்கு ஏறக்குறைய 23 இஞ்ச் வரும். முன்னாலும் சுருங்கி, பின்னாலும் சுருங்கி, அந்தச் சுற்றில் அரை இஞ்ச்சுக்கு மேல் போய்விடும். நின்றால் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தால், பிரேயரில் தரையில் சம்மணம் போட்டால், சைக்கிளில் ஏறினால் பிடிக்கும். பையன்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேண்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கி விட்டுக்கொள்வார்கள். சட்டை வெளியே வரும், பெல்ட்டை இறுக்குவார்கள், வாத்தியாரிடம் திட்டு வாங்குவார்கள். நாம் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு அது ஸ்டைல்தான், மறுக்கவில்லை. மீதிப் பாதியைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிப் பார்த்தால் சீட் தையல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

பாடி குறைந்த பேண்ட்டைச் சரிசெய்ய ரெண்டு வழிதான் உண்டு. ஒன்று, பின்பக்கச் சீட் தையலைப் பிரித்து உள்ளே விட்டிருக்கிற துணியை வெளியே தள்ளி, கவட்டை வளைவைக் கொஞ்சம் கீழே தோண்டித் தைப்பது. இறக்கம் கிடைக்கும், ஆனால் தோண்டிய அளவுக்கு உள்கால் குட்டையாகும், தொடையிலும் பிடிக்கும். இன்னொன்று, பெல்ட்டைப் பிரித்து எறிந்துவிட்டு அகலமான பெல்ட் வைப்பது. அதற்கு அதே ரோல் துணி வேண்டும், துவைத்த பேண்ட்டும் துவைக்காத துணியும் நிறம் ஒத்துப் போகாது. ரெண்டுமே நல்ல வேலை இல்லை. வெட்டும்போது ரெண்டு நூல் சேர்த்துவிட்டால் இத்தனை பாடும் இல்லை.

அடியில் இறக்கி விடுவதிலும் ஒரு குறை உண்டு. துவைத்துத் தேய்த்துப் போட்ட பிறகு பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு நின்றுவிடும். கருநீலத்தில் அது பளிச்சென்று தெரியும், எத்தனை தேய்த்தாலும் போகாது. பையன் வளர்ந்து, வருஷ நடுவில் இறக்குகிறோம் என்றால் அந்தக் கோட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், வேறு வழியில்லை. பள்ளி திறந்த ரெண்டாம் வாரத்திலேயே புதுப் பேண்ட்டில் கோடு விழ வேண்டாம் பாருங்கள். அந்த மூன்று இஞ்ச்சை வளர்த்திக்கென்று பத்திரமாக வைத்திருப்பது அதற்காகத்தான். ஏழாம் வகுப்புப் பையன்கள் ஒரு வருஷத்தில் ரெண்டு மூன்று இஞ்ச் சாதாரணமாக உயர்கிறார்கள், அதில் பாதியாவது காலில்தான் போகும். சுருக்கத்துக்கு அதிலிருந்து ஒரு இஞ்ச்சைத் தின்றுவிட்டால் தை மாதம் பிறந்த பிறகு இறக்குவதற்குத் துணி போதாமல் போகும்.

குறுக்கே நூற்றுக்கு ஒன்று என்றேன். 26 இடுப்புக்கு ரெண்டு நூல். உட்காரும் பாகத்திலும் அப்படியே கொஞ்சம், நான்கு பாகத்துக்கும் பங்கு போட்டால் ஒரு பாகத்துக்கு ஒரு நூல்கூட வராது. ஆகவே சுற்றளவில் நான் பெரிதாக எதுவும் கூட்டவில்லை. பின் தையலில் ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டிருக்கிறேன், அதுவும் பையன் சதை போட்டால் பிரித்து விடுவதற்குத்தான்.

பெல்ட் மட்டும் தனிக் கதை. பெல்ட் பட்டியைத் துணியின் நெடுக்கில்தான் வெட்டுவோம், அப்போதுதான் இழுவைக்குத் தாங்கும். நெடுக்கில் வெட்டினால் அது நூற்றுக்கு மூன்று சுருங்கும். அதாவது 26 இஞ்ச்சுக்கு முக்கால் இஞ்ச். ஆனால் அது தைக்கப்படுகிற பேண்ட்டின் மேல் ஓரம் துணியின் குறுக்கு, அது ரெண்டு நூல்தான் சுருங்கும். ரெண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், துவைத்ததும் பெல்ட் குறுகி, அதன் கீழே பேண்ட் துணி கொசுவம் வைத்த மாதிரி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். உள்ளே விறைப்புக்கு வைக்கிற பக்ரமும் பருத்தியாக இருந்தால் அது தன் பங்குக்குச் சுருங்கி இன்னும் கெடுக்கும். ஆகவே பெல்ட் பட்டியையும் பக்ரத்தையும் தைப்பதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுவேன். பாக்கெட் துணியும் அப்படித்தான். வெள்ளைப் பருத்தி பாக்கெட் துணி பேண்ட் துணியைவிட அதிகம் சுருங்கும், நனைக்காமல் வைத்தால் பாக்கெட் வாய் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஜிப்பில் நேர்மாறான தொல்லை. ஜிப்பின் நாடா பாலியஸ்டர், அது சுருங்காது. 6 இஞ்ச் ஜிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற துணி ஒன்றரை நூல் சுருங்கிவிடும். மிச்சமான நாடாவுக்கு இடமில்லாமல் ஜிப் நெளிந்து, உட்கார்ந்தால் முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கும். ஜிப் வைக்கும்போது துணியை இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி ஊட்டித் தைத்தால் இது வராது. இப்போது உங்கள் கையில் இருக்கிற பேண்ட்டில் ஜிப் ஓரத்தில் துணி லேசாக உப்பலாக இருப்பதைப் பார்த்து, தையல் சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். துவைத்தபின் அது படிந்துவிடும்.

இவ்வளவு தொல்லைக்கு மொத்தத் துணியையும் நனைத்துவிட்டுத் தைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல கேள்விதான். ரத வீதியில் நீங்களே பேண்ட் பிட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால் நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன். வீட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துக் கொண்டுவாருங்கள், அளவுக்கே வெட்டித் தைக்கிறேன். அப்போதும் ஒரே நனைப்பில் முழுச் சுருக்கமும் போகாது, ரெண்டு நூல் விட்டுத்தான் வெட்டுவேன். யூனிபார்ம் அப்படி இல்லை. ரோல் ரோலாக வருகிறது, ஒரு மாதத்தில் ஒரு பள்ளிக்கே தைத்து முடிக்க வேண்டும். 58 பன்னாத் துணியை அத்தனை மீட்டரும் நனைத்துக் காயவைக்க என்னிடம் இடமும் இல்லை, நேரமும் இல்லை. நனைத்த பிறகு அதைக் கோணாமல் தேய்த்து எடுப்பது இன்னொரு வேலை. கோணலாகக் காய்ந்த துணியில் வெட்டினால் நாலு துவைப்பில் காலின் பக்கத் தையல் முன்னால் திரும்பிக்கொள்ளும். அதற்கு, அளந்து பார்த்து, சுருக்கத்துக்குத் துணி விட்டு வெட்டுவது எவ்வளவோ மேல்.

ரெடிமேட் சுருங்கவில்லை என்கிறீர்கள். அதுவும் சுருங்கும், உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல கம்பெனிகள் துணியைச் சோதித்து, அந்த வீதத்தைப் பேட்டர்னிலேயே சேர்த்துவிடுவார்கள், நான் செய்கிற அதே வேலைதான். சில பேண்ட்டுகளைத் தைத்து முடித்துத் துவைத்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார்கள். பருத்தித் துணியில் சான்போரைஸ் என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் காலரும் சட்டையும் செய்த கம்பெனியைச் சேர்ந்த சான்போர்ட் க்ளூவெட் என்பவர் 1930-ல் காப்புரிமை வாங்கியது. துணியைக் கொஞ்சம் ஈரமாக்கி, தடித்த ரப்பர் பட்டையோடு சேர்த்து அழுத்தி, அந்தப் பட்டை சுருங்கும்போது துணியையும் கூடவே சுருக்கிவிடுவார்கள். வீட்டில் சுருங்க வேண்டியது மில்லிலேயே சுருங்கிவிடும், மிச்சம் நூற்றுக்கு ஒன்றுக்குள்தான். துணி ஓரத்தில் அந்தப் பெயர் அச்சிட்டிருந்தால் நான் விடுகிற அளவைக் குறைத்துவிடுவேன். இது எதுவும் செய்யாத சாதாரணப் பருத்தி டிரில் வந்தால் கதை வேறு, நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுவதையும் பார்க்கலாம். அதனால் ஒரு கணக்கை எல்லாத் துணிக்கும் போட முடியாது. ஒரே மில், ஒரே நிறம் என்றாலும் அடுத்த ரோல் கொஞ்சம் கூடவோ குறையவோ சுருங்கும். சென்ற வருஷக் கணக்கை இந்த வருஷத் துணிக்குப் போடுகிற டெய்லரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

துணி மிச்சமாகுமே என்ற எண்ணமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுருக்கத்துக்கு நான் விட்டது ஒரு பேண்ட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் நீளத் துணி. மீட்டர் விலையில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதை மிச்சம் பிடித்து ஒரு பேண்ட்டை வீணாக்குவது கணக்குக்கு ஒத்துவராது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சாதாரணத் தண்ணீரில் துவையுங்கள், வெந்நீர் வேண்டாம். மெஷினில் போட்டால் உலர்த்தியைச் சூட்டில் ஓட்ட வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், பாட்டம் மேலே இருக்கும்படி கொடியில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். ஈரமான பெல்ட்டும் பாக்கெட்டும் கனமாகக் கீழே தொங்கும், அந்தக் கனத்தில் கால் நேராகக் காயும். நிழல் நல்லது, அது நிறத்துக்காக. தேய்க்கும்போது சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி போட்டுத் தேயுங்கள். சூடு கூடினால் பாலியஸ்டர் மினுமினுவென்று ஆகிவிடும், அது பிறகு போகவே போகாது.

போர் தண்ணீரில் துவைத்தால் அதிகம் சுருங்கும் என்று பாளையில் பல பேர் நம்புகிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, சோப்பின் கசடு துணியில் படிந்து விறைப்பாகும். விறைத்த துணி உடம்பில் இறுக்கமாகத் தெரியும், டேப் வைத்துப் பார்த்தால் அளவு அதேதான் இருக்கும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் கடைசி அலசலை அதில் போட்டால் துணி மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான்.

இனி எப்போதாவது பேண்ட் குட்டையாகத் தெரிந்தால், துணி சுருங்கியதா பையன் வளர்ந்தானா என்பதை இப்படிப் பாருங்கள். பையன் மேல் வைத்து அளக்க வேண்டாம். பேண்ட்டைத் தரையில் தட்டையாக விரித்து, உயரம், உள்கால், ரெண்டையும் அளந்து நான் கொடுத்த சீட்டோடு ஒப்பிடுங்கள். உயரம் 36, உள்கால் 27 அப்படியே இருந்தால் துணி மேல் குற்றமில்லை, பையன் வளர்ந்திருக்கிறான். அப்போது உள் மடிப்பை இறக்கலாம், அனேகமாக இடுப்பும் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கும். ரெண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அதோடு உயரத்தில் உள்காலைக் கழித்தால் 9-க்குக் கீழே வந்தால், அது சுருக்கம். நான் விட்டது போதவில்லை என்று பொருள். அந்தப் பேண்ட்டை இறக்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் பொறுப்பு.

மூன்று துவைப்புக்குப் பிறகும் 36½-க்குக் குறையாமல் நின்றால் அதையும் கொண்டுவாருங்கள். துணி நான் நினைத்ததைவிடக் குறைவாகச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அரை இஞ்ச்சை உள்ளே ஏற்றி எம்மிங் போட்டுத் தருகிறேன், வெட்ட மாட்டேன், கூலியும் கிடையாது. ஞாயிறு மத்தியானம் வரை கடை உண்டு. வரும்போது அளவுச் சீட்டையும் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரெண்டாவது பேண்ட்டைத் துவைக்காமல் அப்படியே வைத்திருங்கள், ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தால் எத்தனை நூல் போயிருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பள்ளி யூனிபார்ம் டெய்லர்,
பாளையங்கோட்டை